ஐவி ரேங்க்கா, பெர்சென்டைலா: மூன்று வருடம் இரண்டையும் பார்த்த பிறகு

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஒரே பங்குக்கு ரேங்க் 20, பெர்சென்டைல் 82 என்று வருகிறது. ஆப்ஷன் பிரீமியத்தை வாங்குவதா, விற்பதா?" ஐவி என்பது பங்கு எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலையில் பொதிந்திருக்கும் எதிர்பார்ப்பு. அது ஓராண்டில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான் இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. இதே குழப்பத்தில் நான் ஒருமுறை பணத்தை விட்டிருக்கிறேன்.

அன்று அந்தப் பங்கின் ஐவி 22. ஓராண்டில் அடிமட்டம் 12, உச்சம் 62. அந்த 62 ஏதோ ஒரு பீதியில் இரண்டே நாள் எட்டிப் பார்த்த எண். ரேங்க் கணக்கில் 12-இலிருந்து 62 வரை 50 புள்ளி, அதில் நாம் 10 ஏறியிருக்கிறோம், ஆக 20. மலிவு என்று நினைத்து, ஒரே விலையில் கால், புட் இரண்டையும் சேர்த்து, ஸ்ட்ராடில் வாங்கினேன். பங்கு விலை 100, காலாவதிக்கு 45 நாள், கொடுத்தது சுமார் 6.2.

பத்து நாளில் பங்கு நகரவே இல்லை, ஐவி 16-க்கு இறங்கியது. ஸ்ட்ராடில் 4.0 ஆனது. போன 2.2-இல் நாள் கழிந்ததால் போனது 0.7 தான். மீதி 1.5 ஐவி இறங்கியதால் போனது.

பெர்சென்டைலை அன்று பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். 252 வர்த்தக நாட்களில் 207 நாள் ஐவி 22-க்குக் கீழேதான் இருந்தது. அதுதான் 82. உச்சம் எவ்வளவு உயரம் என்று அது கவலைப்படுவதில்லை, நாட்களை மட்டும் எண்ணுகிறது.

ரேங்க் மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அந்த 62 ஓராண்டு கழித்து கணக்கிலிருந்து விழுந்த நாளில் அடுத்த உச்சம் 32. ஐவி மறுபடியும் அதே 22-இல்தான் நின்றது, ஆனால் ரேங்க் ஒரே இரவில் 20-இலிருந்து 50-க்குத் தாவியது. சந்தையில் எதுவும் மாறவில்லை! அதனால் ரேங்க் திடீரென்று குதித்தால், முதலில் ஐவி வரைபடத்தில் ஓராண்டுக்கு முந்தைய இடத்தைப் பாருங்கள். சில திரைகளில் இரண்டின் பெயரும் மாறிக் கிடக்கும், அதையும் ஒருமுறை கையால் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது நல்லது.

பெர்சென்டைலிலும் குறை இருக்கிறது. அமைதியான ஆண்டில் ஐவி 11-க்கும் 14-க்கும் நடுவே கிடக்கும்போது ஒரு புள்ளி ஏறினாலே அது 40-இலிருந்து 80-க்குப் போய்விடும். விற்கிறவர் கைக்கு வரும் பிரீமியமோ அப்படியேதான் சொற்பமாக இருக்கும்.

இவ்வளவு திட்டிய பிறகும், திரையில் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் ரேங்க்கைத்தான் வைப்பேன். 82-ஐப் பார்த்து விற்கிறவருக்கு, ஐவி 62 வரை போயிருக்கிறது என்பதைப் பெர்சென்டைல் சொல்லாது. பக்கத்தில் ரேங்க் 20 என்று நின்றால் மேலே 40 புள்ளி இடம் இருப்பது தெரியும். வாங்கியவர் கொடுத்ததை மட்டும் இழப்பார். பாதுகாப்பில்லாமல் விற்றவரின் நஷ்டம் அங்கே நிற்காது. நண்பரிடம் இதைச் சொல்லி, விற்பதென்றால் இரு பக்கமும் தூரத்து ஆப்ஷன் வாங்கி நஷ்டத்துக்கு வரம்பு வைத்துவிட்டு விற்கச் சொன்னேன்.