12 குழுவுக்கு ஒரே அறிவிப்பு: பிராட்காஸ்டா, காப்பி-பேஸ்டா, ஃபார்வர்டா?

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தெருவுக்கு ஒரு வாட்ஸப் குழு, மொத்தம் 12. தண்ணீர் வராத நாள், சங்கக் கூட்டம் என்று எதுவானாலும் எல்லாக் குழுவிலும் போடுவது என் பொறுப்பு. மூன்று வழிகளையும் பார்த்துவிட்டு ஃபார்வர்டில்தான் நிற்கிறேன். ஐந்து சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாதே என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். அந்த ஐந்து எப்படி எண்ணப்படுகிறது என்று தெரிந்தால் ஒதுக்க மாட்டார்கள்.

பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். புதிதாகக் குடிவந்தவர் செயலாளர் நம்பரை எங்கே சேமிக்கப் போகிறார்? எனக்கு அதோடு சரி.

காப்பி-பேஸ்டுக்குக் கணக்கே இல்லை, ஒட்டிய செய்தி புதிதாக எழுதியதாகவே போகும். 12 முறை ஒட்டுவதற்குள் ஏதாவது ஒரு குழு விட்டுப்போகும் என்பதுதான் தொல்லை. அடுத்தவர் செய்தியை ஒட்டினால் இன்னொரு சிக்கலும் உண்டு: அது நாமே எழுதியது போலத் தெரியும், நாளைக்குக் கேள்வி நம்மிடம்தான் வரும்.

இனி ஃபார்வர்ட். இங்கே இரண்டு கணக்குகள் ஓடுகின்றன, பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் கணக்கு, ஒரு தடவையில் எத்தனை சாட் என்பது. அது ஐந்து. தனிநபரும் ஒரு சாட், 800 பேர் உள்ள குழுவும் ஒரு சாட். ஆறாவதைத் தொட்டால் விடாது. ஆனால் அனுப்பி முடித்துவிட்டு அதே செய்தியை மறுபடி எடுத்து அடுத்த ஐந்துக்கு அனுப்பலாம்.

இரண்டாவது கணக்கு செய்தியோடு ஒட்டிக்கொண்டே பயணம் செய்வது. நான் எழுதியதை நானே ஃபார்வர்ட் செய்தால் எண்ணிக்கை பூஜ்யம், ‘Forwarded’ என்ற அடையாளமும் வராது. அதை நீங்கள் ஒருவருக்கு அனுப்பினால் 1, அவர் அடுத்தவருக்கு அனுப்பினால் 2. நீங்கள் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அனுப்பினாலும் ஐவரிடமும் இருப்பது 1 தான், 5 அல்ல. கை மாறிய தடவைதான் கணக்கு, எத்தனை பேருக்குப் போனது என்பதல்ல. எண்ணிக்கை 5-ஐத் தொட்டதும் இரட்டை அம்பும் ‘Forwarded many times’ என்ற வரியும் வந்துவிடும், அதன்பின் ஒரு தடவைக்கு ஒரே ஒரு சாட். 1-லிருந்து 4 வரை இருந்தால் ஐந்து சாட் உண்டு, ஆனால் அதில் ஒன்றுதான் குழுவாக இருக்கலாம். என் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எப்படி என்றால், தண்ணீர் நிறுத்த அறிவிப்பு வேறொரு குழுவிலிருந்து எனக்கு வருகிறது. அதை அப்படியே தள்ளினால் தடவைக்கு ஒரு குழு, ஆக 12 தடவை. அதே விவரத்தை நான் எழுதி, நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளும் சாட்டில் போட்டு, அங்கிருந்து ஃபார்வர்ட் செய்தால் 5, 5, 2 என்று மூன்றே தடவை. எத்தனை முறை எடுத்தாலும் அது என் செய்தி, எண்ணிக்கை ஏறாது. முந்தின மாதச் செய்திகளும் அந்தச் சாட்டிலேயே கிடக்கும், அதைக் காப்பி செய்து தேதியை மட்டும் மாற்றிப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த எண்ணிக்கையும் செய்தியைப் போலவே பூட்டப்பட்டுத்தான் போகிறது. கூட்டிப் பார்ப்பது நம் போனில் உள்ள செயலி. செய்தியில் என்ன இருக்கிறது என்று நிறுவனத்தால் படிக்க முடியாது, அதனால் பொய்யைப் பொறுக்கி எடுத்துத் தடுக்க வழியில்லை. வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். 2018 மே மாதம் போளூர் பக்கம் குழந்தை கடத்தல் வதந்தியால் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலையில் மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். அந்த ஜூலையில்தான் இந்தியாவுக்கு ஐந்து, மற்ற நாடுகளுக்கு 20 என்று எல்லை அறிவித்தார்கள். 2019 ஜனவரியில் எல்லா நாட்டுக்கும் ஐந்து ஆனது. இரட்டை அம்புச் செய்திக்கு ஒரு சாட் என்பது 2020 ஏப்ரலில், கொரோனா வதந்திகள் பெருகியபோது வந்தது. குழுவை ஒரு சாட்டாக எண்ணுவதில் இருந்த ஓட்டை, ஃபார்வர்ட் ஆகி வந்த செய்திக்குத் தடவைக்கு ஒரே குழு என்ற விதியால் 2022-ல்தான் பாதி அடைபட்டது.

முழுதாக அடைபடவில்லை. காப்பி-பேஸ்ட் செய்தால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கே திரும்பிவிடும். அதனால் இரட்டை அம்பு இல்லாத செய்தி நம்பகமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்பு இருந்தால் பொய் என்றும் இல்லை, எழுதியவர் குறைந்தது ஐந்து கை தள்ளி இருக்கிறார், அவ்வளவுதான்.

நான்காவதாக கம்யூனிட்டி இருக்கிறது. 12 குழுக்களையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தால் அறிவிப்புக் குழுவில் ஒரே ஒரு தடவை போட்டால் போதும். காகிதத்தில் என் முறையைவிட அதுதான் நல்லது. ஆனால் ஒவ்வொரு தெருக் குழுவின் அட்மினும் சம்மதிக்க வேண்டும், எங்களில் இரண்டு தெருக்காரர்கள் இன்னும் பிடிகொடுக்கவில்லை. ஓட்டிப் பார்க்காமல் அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.