பிறப்புச் சான்று இல்லாத வாரிசுகள்: மன்னார்குடிப் பக்கம் நடைமுறை எப்படி இருக்கிறது

சிங்கப்பூரிலிருந்து தாத்தா நிலத்துக்குப் பட்டா மாற்ற ஊருக்குப் போகிறவர்களிடம் உறவுக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது: "ஒரு வம்சாவளி எழுதி, நோட்டரிகிட்ட அஃபிடவிட் போட்டுட்டா போதும்." தாலுகா ஆபீஸில் அந்த இரண்டையும் மட்டும் நீட்டினால் வேலை நகர்வதில்லை. வம்சாவளி என்பது நீங்கள் சொல்வது. அஃபிடவிட் என்பது அதையே சத்தியம் செய்து சொல்வது. இரண்டுமே சாட்சியம் ஆகிவிடாது. வம்சாவளியில் அப்பாவையும் பிள்ளையையும் இணைக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் பழைய காகிதம் ஒன்றாவது வேண்டும். சொத்துப் பேச்சே எழாத காலத்தில், வேறு ஏதோ காரியத்துக்காக எழுதப்பட்ட காகிதமாக அது இருந்தால்தான் மதிப்பு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மன்னார்குடி தாலுகாவில் தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நஞ்சை. உயில் எழுதாமல் 1978இல் இறந்தார். பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். மூத்த மகன் சிங்கப்பூரில் 1995இல் இறந்தார். அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பாட்டி 2001இல் இறந்தார். பிள்ளைகள் நால்வரில் ஒருவருக்கும் பிறப்புச் சான்று இல்லை.

இந்த வம்சாவளியில் எல்லோரும் விடுவது இறந்த தேதிகளை. பெட்டி போட்டு, கோடு இழுத்து, பெயர் எழுதி, பக்கத்தில் "லேட்" என்று போட்டுவிடுகிறார்கள். யார் முதலில் இறந்தார் என்பதை வைத்துத்தான் பங்கு போகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 1978இல் பாட்டிக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. 1995இல் மூத்த மகன் போனபோது அவருடைய ஐந்தில் ஒன்று மனைவி, இரண்டு பிள்ளைகள், உயிரோடிருந்த தாய் என நால்வருக்குச் சமமாகப் பிரிந்தது. ஆக, மகன் பங்கிலும் பாட்டிக்கு இருபதில் ஒன்று வந்துவிட்டது. 2001இல் பாட்டி பெயரில் இருந்த மொத்தக் கால் பங்கும் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் போகிறது. மூத்த மருமகளுக்கு அதில் இல்லை. ஆகவே வாரிசுச் சான்று ஒன்று போதாது, மூன்று வேண்டும்: தாத்தாவுக்கு, மூத்த மகனுக்கு, பாட்டிக்கு. சிங்கப்பூர்ப் பேரப்பிள்ளைகளை நேராகத் தாத்தாவின் வாரிசுப் பட்டியலில் எழுதிக் கொண்டுபோனால், ஆர்ஐ எனப்படும் வருவாய் ஆய்வாளரின் விசாரணையிலேயே மனு திரும்பிவிடும். அவர்கள் அப்பா 1978இல் உயிரோடு இருந்தாரே!

பிறப்புப் பதிவு "இல்லை" என்று முடிவு கட்டுமுன் ஒருமுறை தேடிப்பாருங்கள். அந்தக் காலத்தில் கிராமத்துப் பிறப்பு இறப்பை மணியக்காரர் பதிவேட்டில் எழுதுவார். அந்தப் பழைய பதிவேடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேட்க வேண்டும். பிள்ளையின் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. பெயர் வைக்கும் முன்பே எழுதியதால் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். அப்பா பெயரும் ஊரும் சொல்லி, ஐந்தாறு வருட இடைவெளி கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பெயரில்லாத அந்த வரியில்கூட அப்பா, அம்மா பெயர் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். உண்மையிலேயே பதிவு இல்லையென்றால், இல்லை என்பதற்கே ஒரு சான்று எழுதி வாங்கிவிடுங்கள். அது கையில் இருந்தால்தான் மாற்று ஆவணங்களை ஏன் காட்டுகிறீர்கள் என்பதற்குப் பதில் கிடைக்கும்.

மாற்று ஆவணங்களில் முதலிடம் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டுக்கு. ஊர் ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியரிடம் மனுக் கொடுத்தால், பதிவேட்டு வரியை அப்படியே எடுத்தெழுதி முத்திரையோடு தருவார். சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் எல்லாம் ஒரே வரியில் வரும். பிறந்த தேதி அநேகமாக வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கும். நமக்குத் தேவை தகப்பனார் பெயர் மட்டும். பள்ளிக்கூடமே போகாத மகள்களுக்குத்தான் சிக்கல். அவர்களுக்குப் பழைய வாக்காளர் பட்டியலும் ரேஷன் கார்டும் உதவும். ஆனால் கல்யாணத்துக்குப் பின் பட்டியலில் கணவர் பெயர் வந்துவிடும். அப்பா பெயரோடு வரும் காகிதம் வேண்டுமென்றால் கல்யாணப் பத்திரிகையைத் தேடுங்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு, இஸ்லாமியக் குடும்பமானால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு இருக்கும். தாத்தா எழுதிக்கொடுத்த ஏதாவது அடமானப் பத்திரத்தில் "இன்னாரின் குமாரர்" என்று மகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைவிட நல்ல சான்று கிடையாது. முப்பது வருடம் தாண்டிய பத்திரம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்திருந்தால், கையெழுத்தைத் தனியாக நிரூபிக்கச் சொல்லாமலே நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள இடமுண்டு. பழைய பத்திரங்களில் தஞ்சாவூர் மாவட்டம் என்றிருக்கும். திருவாரூர் மாவட்டம் 1997இல்தான் வந்தது. வேறு ஊர் என்று யாரும் குழம்பாமலிருக்க மனுவிலேயே ஒரு வரி எழுதிவிடலாம்.

சிங்கப்பூர் மகனுக்கு அவருடைய அடையாள அட்டையான ஐசியே பெரிய துணை. பெயரோடு s/o என்று அப்பா பெயரும் அதில் சேர்ந்திருக்கும். எழுத்துக்கூட்டல்தான் இடிக்கும். ஊர்ப் பதிவேட்டில் கலியபெருமாள், ஐசியில் Kaliaperumal, பேரனின் பிறப்புச் சான்றில் Kaliyaperumal. இந்த இடத்துக்குத்தான் அஃபிடவிட் பயன்படும்: மூன்றும் ஒரே ஆள் என்று, எந்தக் காகிதத்தில் எந்தப் பெயர் என்பதைத் தேதியோடு வரிசையாகச் சொல்ல. "மேற்படி நபர்கள் அனைவரும் ஒருவரே" என்ற ஒற்றை வரி அஃபிடவிட்டை எழுதுவதும் ஒன்றுதான், எழுதாததும் ஒன்றுதான்.

உறவைச் சொல்லும் அஃபிடவிட்டைப் பங்கு வாங்கப்போகிறவர் மட்டும் போட்டால் பலமில்லை. பங்கில்லாத பெரியவர் இருவர் தனித்தனியாகப் போட வேண்டும். அவருக்கு எப்படித் தெரியும் என்பது அதில் கட்டாயம் வர வேண்டும்: பக்கத்து வீடா, சம்பந்தி முறையா, எந்தக் கல்யாணத்துக்கும் எந்தக் காரியத்துக்கும் போனார், அங்கே யார் கொள்ளி வைத்தார். குடும்பத்தார் ஒருவரை ஒருவர் எப்படி நடத்தினார்கள் என்பதை நேரில் கண்டவர் சொல்வதைச் சட்டமே உறவுக்கான சாட்சியமாக ஏற்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 50ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 44. டைப் அடிப்பவர் இதையெல்லாம் விட்டுவிட்டு, இருவருக்கும் ஒரே வாசகத்தை அடித்துக் கொடுப்பார். 1952இல் பிறந்தவரைப் பற்றி, "பிறந்ததிலிருந்தே அறிவேன்" என்று நாற்பத்தைந்து வயதுக்காரர் கையெழுத்துப் போட்டிருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்று கோப்பில் இருந்தால் மற்றவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

எல்லாம் சரியாக இருந்தும், பங்காளி ஒருவர் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தால் தாசில்தார் முடிவெடுக்க மாட்டார். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். அங்கே வாரிசு என்று நீதிமன்றமே அறிவிக்கும் விளம்புகை கேட்டு வழக்குப் போட வேண்டும். சில வக்கீல்கள் சக்ஸஷன் சர்டிஃபிகேட் வாங்கலாம் என்பார்கள். அது வங்கிப் பணம், பங்குப் பத்திரம், வரவேண்டிய கடன் இவற்றுக்குத்தான், நிலத்துக்கு உதவாது.

சிங்கப்பூரிலேயே இருந்துவிடும் வாரிசுகளின் அஃபிடவிட்டை அங்கே நோட்டரியிடம் போட்டு, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் சான்று வாங்கினால் போதும். 2021 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. ஊரில் ஒருவருக்குப் பவர் கொடுக்கிறீர்களென்றால், அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தபால் உறையையும் அதன் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.