நூறு படங்களை அலச இரண்டு வழி: பரப்பிப் பார்ப்பதா, பெரிதாக்கிப் பார்ப்பதா?

கடைசியாக எடுத்த நூறு படங்களில் எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. எல்லாவற்றையும் தபால்தலை அளவில் திரையில் பரப்பி மொத்தமாகப் பார்க்கலாம். அல்லது ஒவ்வொன்றையும் 100% பெரிதாக்கி, கண்ட குறையை நோட்டில் கோடு போட்டு எண்ணலாம். எந்த வழியானாலும் மோசமான படங்களை அழிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். அழித்துவிட்டால் தவறுகளும் கூடவே போய்விடும்.

அக்கா மகளின் பரதநாட்டிய வகுப்பில், டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த நூறு படங்களில் இரண்டையும் செய்து பார்த்தேன்.

பரப்பிப் பார்க்கப் பத்து நிமிடம்தான் ஆனது. 38 படங்களில் தரை சாய்ந்திருந்தது பளிச்சென்று தெரிந்தது. ஏறக்குறைய எல்லாமே நான் நின்ற இடத்திலிருந்து, என் கண் உயரத்தில் எடுத்தவை என்பதும் தெரிந்தது. ஒரே படத்தைப் பார்க்கும்போது இந்த மாதிரிப் பழக்கம் கண்ணில் படாது. ஆனால் அந்த அளவில் எந்தப் படமும் கூர்மையாகத்தான் தெரியும்.

பெரிதாக்கியபோது 27 படங்கள் மங்கல். வெறுமனே 'மங்கல்' என்று எழுதி வைத்தால் எதைப் பழகுவது என்று தெரியாது, காரணத்தைப் பிரிக்க வேண்டும். பின்சுவர் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து கையும் முகமும் மட்டும் கலங்கியிருந்தால் ஆள் அசைந்திருக்கிறாள். எதுவும் இழுபடாமல், முகம் மங்கி அவளுக்குப் பின்னால் உள்ள ஜன்னல் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எனக்கு ஆள் அசைந்தது 19, கேமரா ஆடியது 5, ஃபோகஸ் தப்பியது 3. அந்த 19 படங்களின் விவரத்தைத் திறந்தால் ஷட்டர் வேகம் பெரும்பாலும் 1/60 நொடி, ஆடுபவளை உறைய வைக்க அது போதாது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சாய்வுதான் முதலிடம். ஆனால் சாய்ந்த படத்தை ஓரம் கொஞ்சம் இழந்து பிறகு நிமிர்த்திவிடலாம். கலங்கிய முகத்தை அப்படி மீட்க முடியாது. அதனால் பெரிதாக்கிப் பார்த்த கணக்கையே நம்பி, ஷட்டர் வேகத்தைப் பழகுவது என்று முடிவு செய்தேன். இரண்டு மணி நேரம் பிடித்தாலும் என் ஓட்டு இந்த வழிக்குத்தான். நிலப்பரப்பு, கட்டடம் எடுப்பவர்களுக்கு ஆள் அசையும் சிக்கல் பெரும்பாலும் இல்லை, ஆனால் கேமரா ஆடியதையும் ஃபோகஸ் தப்பியதையும் காண அவர்களும் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கேமராவை, ஷட்டர் வேகத்தை நானே குறிக்கும் `S`-இல் (கேனானில் `Tv`) வைத்து 1/250, ஐ.எஸ்.ஓ. ஆட்டோ. ஐ.எஸ்.ஓ. 3200-ஐத் தாண்டி புள்ளிகள் தெரிகின்றன, பரவாயில்லை. வேறொரு சிக்கலும் உண்டு: நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். அதனால் இந்த வேகத்தில் சில படங்கள் இருண்டு, நிறம் மாறி வருகின்றன. அப்படி வந்தால் 1/100-க்கு இறங்கி, அடவு முடிந்து அவள் ஒரு கணம் நிற்கும்போது அழுத்துகிறேன். அடுத்த நூறில் அந்த 19 எத்தனையாகக் குறைகிறது என்று அதே நோட்டில் எண்ணுவேன். சாய்வு அதுவரை காத்திருக்கட்டும்.