புகை வந்தால் ஃபேன் நிற்கும் என்று காசு வாங்கிக்கொண்டு எங்கள் ஸ்டோரில் செய்து வைத்த வேலை

கொத்மலைப் பக்கம் ஒரு தனியார் தேயிலை ஸ்டோரில் இயந்திரங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கொழுந்து வாட்டும் இரண்டு மாடிகளிலும் புகை டிடெக்டர் பூட்டி, புகை வந்தால் ஃபேன்கள் தானாக நின்று, டீமேக்கருக்கும் எனக்கும் எஸ்எம்எஸ் வரும்படி செய்து தருகிறேன் என்று ஒருவர் கண்டியிலிருந்து வந்து வேலையை எடுத்தார். முழுப்பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இதே வேலையை இன்னும் பல ஸ்டோர்களுக்கும் லொட்ஜ்களுக்கும் செய்து தருவதாகக் கேள்விப்படுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வாட்டு மாடியில் ஃபேனை நிறுத்துவது ஏன் முக்கியம் என்று ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வலையில் பரப்பிய கொழுந்துக்கு அடியால் மணிக்கணக்காகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். ஃபேன் முனையில் நெருப்பு பிடித்தால் அந்தக் காற்றே அதை வலைக்கு அடியில் மறுமுனை வரை கொண்டுபோகும். எங்கள் மாடித்தரை பழைய பலகை.

அன்று இரவு கீழ் மாடியில் ஒரு ஃபேன் மோட்டரின் பெயாரிங் இறுகி, மோட்டர் கருகி, அதில் படிந்திருந்த தேயிலைத் தூசு புகைய ஆரம்பித்தது. டிடெக்டர் சரியாகவே பிடித்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, ஃபேன்கள் நின்றன. பிறகு தாமாகவே மறுபடி ஓடின. "அண்ணே, ஃபேன் நின்னு நின்னு ஓடுது, ஓடி வாங்க" என்று இரவு வேலைக்கு நின்ற தம்பி ஃபோன் எடுத்தான். நான் போனபோது கொன்ட்ரோலர் பெட்டிக்குள் ரிலே டக் என்று விழுவதும், சிறிது நேரத்தில் திரும்ப இழுப்பதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை ஃபேன் ஓடும்போதும் தூசுக்குள் இருந்த கங்கு சிவந்தது. மெயின் பிரேக்கரை இறக்கிய பிறகுதான் அடங்கியது. எஸ்எம்எஸ் ஒன்றுகூட வரவில்லை.

மறுநாள் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். கொன்ட்ரோலருக்கும் சிம் போட்ட மொடியூலுக்கும் சேர்த்து 1 ஆம்பியர் அடப்டர் ஒன்றுதான் கொடுத்திருந்தார். இந்த வகை மொடியூல் சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எஸ்எம்எஸ் அனுப்பப் போனதும் வோல்டேஜ் விழுந்து, கொன்ட்ரோலர் அணைந்து, புதிதாக ஸ்டார்ட் ஆனது. அது ஸ்டார்ட் ஆகும் வரை ரிலே விடுபட்டுக் கிடக்கும். அவர் வயரிங் செய்த விதத்தில் ரிலே விடுபட்டால் ஃபேன் ஓடும். கொன்ட்ரோலர் எழும்பி, புகையைப் பார்த்து, ஃபேனை நிறுத்தி, மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பப் போய், மறுபடி அணைந்தது. நான் பிரேக்கரை இறக்கும்வரை இதுதான் நடந்தது.

வோல்டேஜ் விழுந்தாலும் ஃபேன் திரும்ப ஓடியிருக்கக்கூடாது. முன்பு எங்கள் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் கொன்டெக்டர் இழுக்கும். ஒருமுறை விடுபட்டால் யாராவது வந்து அழுத்தும்வரை விடுபட்டே இருக்கும். அந்தப் பிடிப்பு வயரை இவர் கழற்றிவிட்டு, கொன்டெக்டர் கொயிலை நேராக ரிலேயின் வழியே கொடுத்திருந்தார். கரண்ட் போய் வந்தால் ஃபேன் தானாக ஓடட்டும் என்று செய்ததாக ஃபோனில் சொன்னார். யாரிடமும் கேட்கவில்லை, பில்லிலும் எழுதவில்லை.

மேல் மாடியில் அவர் செய்திருந்தது இதைவிட மோசம். வேலை முடித்துக் கொடுத்த புதிதில் மாலை மிஸ்ட் இறங்கி ஜன்னல் வழியே வரும்போதெல்லாம் மேல் மாடி டிடெக்டர்கள் அடித்தன. ஒளியில் இயங்கும் டிடெக்டருக்குப் புகையும் ஒன்றுதான், பனிமூட்டமும் ஒன்றுதான். உள்ளே வெளிச்சத்தைச் சிதறடிக்கும் எதற்கும் அடிக்கும். அதைச் சரிசெய்ய மறுபடி வந்தார். "சென்சிடிவிட்டியைக் குறைச்சிட்டேன் சேர், இனிப் பிரச்சினை வராது" என்று தனியாகக் காசும் வாங்கினார். உண்மையில் மேல் மாடி வயரைக் கொன்ட்ரோலர் முனையிலிருந்து கழற்றி, இன்சுலேஷன் டேப் சுற்றி, வயர் கட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தார். பெட்டித் திரையில் அத்தனை நாளும் `SMOKE OK` என்றே இருந்தது.

வயரே இல்லாமல் அப்படிக் காட்டுவது எப்படி என்று பலர் கேட்டார்கள். அவர் போட்டிருந்தது புகை வந்தால் மட்டும் மூடும் தொடுப்பு. புகை இல்லை என்றாலும் திறந்திருக்கும், வயர் அறுந்தாலும் திறந்திருக்கும், எலி கடித்தாலும் திறந்திருக்கும். கொன்ட்ரோலருக்கு எல்லாமே ஒன்று.

இதற்கு மருந்து சில ரூபாய் ரெசிஸ்டர்தான். கடைசி டிடெக்டரில் லைனின் இரு வயருக்கும் குறுக்கே 4.7 கிலோ ஓம் ஒன்று, பெட்டிக்குள் 5 வோல்ட்டிலிருந்து லைனுக்கு இன்னொரு 4.7 கிலோ ஓம், ஒவ்வொரு டிடெக்டரின் தொடுப்போடும் தொடராக 1 கிலோ ஓம். இப்போது லைன் நன்றாக இருந்தால் கொன்ட்ரோலர் 2.5 வோல்ட் பார்க்கும். புகை வந்தால் முக்கால் வோல்ட் அளவுக்கு இறங்கும். வயர் அறுந்தால் 5க்கு ஏறும். இரண்டு வயரும் ஒட்டினால் பூச்சியம். நாலு நிலையும் நாலு விதமாகத் தெரியும். சப்ளைக்குத் தனியாக இரண்டு வயர் போகும் நாலு வயர் டிடெக்டர் என்றால் அந்தச் சப்ளை நின்றதையும் பார்க்க வேண்டும். அதற்கு லைன் முடிவில் அந்தச் சப்ளையில் ஒரு சிறிய ரிலே போட்டு, அதன் தொடுப்பைக் கடைசி ரெசிஸ்டரோடு தொடராகக் கொடுத்தால் சப்ளை போனதும் அறுந்த வயராகவே காட்டும்.

எங்கள் ஸ்டோரில் இப்போது இப்படி மாற்றியிருக்கிறோம். ஸ்டார்ட்டரின் பிடிப்பு வயரைத் திரும்பப் பூட்டினோம். ஃபேன் ரிலே சாதாரண நேரத்தில் இழுத்தபடி நிற்கும், அதன் தொடுப்பு ஃபேனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானோடு தொடராக இருக்கும். கொன்ட்ரோலர் அணைந்தாலும் பழுதானாலும் ஃபேன் நிற்கும், பச்சைப் பொத்தானை ஆள் வந்து அழுத்தாமல் ஓடாது. ஃபேனை நிறுத்திய பிறகே எஸ்எம்எஸ் போகும், மொடியூலுக்குத் தனிச் சப்ளையும் பேட்டரியும் உண்டு. மேல் மாடி டிடெக்டர்களை ஜன்னல் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிப் பூட்டினோம். மிஸ்ட் நாளில் இன்னும் எப்போதாவது அடிக்கிறது. அப்போது ஒருவர் ஏறிப் பார்த்து, புகை இல்லையென்றால் ஃபேனைப் போடுகிறார். அந்தச் சிறு நேரத்தில் கொழுந்து கெடாது. ஆனால் ஆள் போகத் தாமதித்தால் கொழுந்து சூடேறிச் சிவக்கும், எனவே இரவில் இதற்கென்று ஒருவர் இருக்க வேண்டும்.

வசதி இருந்தால் முறையான ஃபயர் பனல் வாங்கி அதன் ரிலேயாலேயே ஃபேனை நிறுத்துங்கள், கொன்ட்ரோலர் மெசேஜ் மட்டும் அனுப்பட்டும். எங்களுக்கும் அடுத்த வேலை அதுதான்.

யாரையாவது வைத்துச் செய்கிறீர்கள் என்றால், பெட்டியில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திக் காட்டுவதை ஏற்காதீர்கள். எங்களுக்கும் அதைத்தான் காட்டினார். அது பெட்டியிலிருந்து ஃபேன் வரையுள்ள பக்கத்தை மட்டுமே சோதிக்கும், டிடெக்டர் பக்கத்தை அல்ல. ஒவ்வொரு டிடெக்டருக்கும் டெஸ்ட் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள். ஃபேன் நின்று, எஸ்எம்எஸ் உங்கள் கைக்கு வந்த பிறகும் ஃபேன் நின்றபடியே இருக்கிறதா என்று நின்று பாருங்கள். பிறகு அவர் முன்னாலேயே ஒரு டிடெக்டரின் வயரைக் கழற்றுங்கள், திரை பழுது என்று சொல்ல வேண்டும். கடைசியாக மெயினை இறக்கி, பேட்டரியில் டிடெக்டர் பிடித்து எஸ்எம்எஸ் வருகிறதா என்று பாருங்கள். இவை முடியும்வரை மீதிக் காசைக் கையில் வைத்திருங்கள்.

அந்த ஆள் இப்போது என் ஃபோனை எடுப்பதில்லை. பில்லும், டேப் சுற்றிய வயரின் படமும் என்னிடம் இருக்கின்றன. அவரிடம் வேலை கொடுத்திருப்பதாகச் சந்தேகப்படுபவர்கள் கேட்டால் படத்தை அனுப்புகிறேன். உங்கள் பெட்டியையும் திறந்து, வயர் கட்டுக்குப் பின்னால் ஒரு தடவை பாருங்கள்.