முதலில் வாக்குறுதியா, முதலில் புரொஃபைலா?

நெரிசலான தொழிலில் அழைப்பு குறைந்தால் இரண்டு வழி உண்டு. கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் தொழில் பிரிவு, விவரணை, படம் எல்லாவற்றையும் உடனே மாற்றலாம். அல்லது அதைத் தொடாமல், வாடிக்கையாளருக்குத் தரும் ஒரே வாக்குறுதியை முதலில் முடிவுசெய்யலாம். நான் தேர்ந்தது இரண்டாவது.

முதல் வழி வேகமானது, உண்மைதான். முதன்மைப் பிரிவோடு ஒன்பது கூடுதல் பிரிவுகள் வரை சேர்க்க முடியும். ஆனால் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை பிரிண்டர், மொபைல், டேட்டா மீட்பு என்று அடுக்கினால், செய்யாத வேலைக்கெல்லாம் அழைப்பு வரும். கடைப் பெயரோடு தேடல் சொற்களை ஒட்டவைப்பது கூகுள் விதிக்கு எதிரானது, புரொஃபைலே முடக்கப்படலாம்.

வாக்குறுதியைப் பழைய விசாரணைகளிலிருந்து எடுக்க வேண்டும். கடைசி முப்பது விசாரணைகளில் வாடிக்கையாளர் கேட்ட முதல் கேள்வியை மட்டும் எழுதிப் பாருங்கள். பதினாறு பேர் "என்ன கோளாறு, எவ்வளவு ஆகும்" என்று கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர்களின் கவலை விலை மலிவு அல்ல, தெரியாமல் காத்திருப்பது. அடுத்து, கடைசி இருபது வேலைகளில் கோளாறைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். பதினேழு ஒரே நாளில் முடிந்து, மூன்று இரண்டாம் நாளுக்குப் போயிருந்தால் "ஒரே நாளில்" என்று சொல்லக் கூடாது. தண்ணீர் பட்ட போர்டும், விட்டுவிட்டு வரும் கோளாறும் அடுத்த மாதமும் வரும். "48 மணி நேரத்தில் கோளாறும் செலவும் எழுத்தில், தவறினால் பரிசோதனைக் கட்டணம் இல்லை" என்பதே தாங்கும்.

என்னைப் பொறுத்தவரை இதைத் தீர்மானிப்பது ரிவ்யூதான். பிரிவை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். வாடிக்கையாளர் எழுதியதை நீங்கள் மாற்ற முடியாது. "மலிவு" என்று ஆறு மாதம் விளம்பரம் செய்தால் ரிவ்யூக்களிலும் அதுவே சேரும். பிறகு "சொன்ன நேரத்தில்" என்று விவரணையைத் திருத்தினாலும், கீழே படிப்பவர் பழைய கடையைத்தான் பார்ப்பார். வாக்குறுதி முதலில் இருந்தால், ஒவ்வொரு ரிவ்யூவும் அதற்குச் சாட்சியாகச் சேரும். வாக்குறுதி மனதில் பதிந்ததா என்று அறிவதும் எளிது: புதிதாக அழைப்பவர் "48 மணி நேரம்னு போட்டிருக்கீங்களே" என்று தானாகவே சொல்வார். யாருமே சொல்லாவிட்டால் அது அவர்களின் கவலையைத் தொடவில்லை.

அதன் பிறகே செட்டிங்ஸ். 750 எழுத்து விவரணையின் முதல் வாக்கியம் அந்த வாக்குறுதி. அதற்குப் பொருந்தாத பிரிவுகளை நீக்குங்கள். எழுதிக் கொடுக்கும் மதிப்பீட்டுத் தாளின் படம் ஒன்று போதும்.

தவறான தொலைபேசி எண், திறக்கும் நேரம் ஆகியவற்றுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது, இன்றே திருத்துங்கள். புதிதாகத் தொடங்கியவரிடம் எண்ண இருபது வேலைகள் இருக்காது. அவர் போட்டியாளர்களின் ஒற்றை நட்சத்திர ரிவ்யூக்களில் திரும்பத் திரும்ப வரும் புகாரிலிருந்து தொடங்கலாம். ஆனால் அது ஊகமே என்பதால், முதல் இருபது வேலைகள் முடியும்வரை கட்டண விலக்கைச் சேர்க்க வேண்டாம்.