பாமினியில் அடித்த கோப்பை அச்சகத்தில் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அப்பா காலமாகி முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கக் கொடுத்தோம். யாழ்ப்பாணத்தில் பெயர் கேட்டுத்தான் போனோம். பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இதே வேலையை இதே மாதிரிச் செய்கிற அச்சகங்கள் நிறைய இருக்கின்றன.

கட்டுரைகளைச் சித்தப்பா பழைய பழக்கத்தில் பாமினி என்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். பாமினியில் "தமிழ்" என்று தெரிவது கோப்புக்குள் jkpo; என்றுதான் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகளே வரும். அது பார்த்தவுடன் தெரிகிற பிழை, யாரும் ஏமாற மாட்டார்கள். "யூனிகோடுக்கு மாற்றித்தான் அடிக்க வேணும்" என்று சொல்லிப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தட்டச்சுக் கூலி வாங்கினார்கள். சரி, யாரோ இருந்து அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். செய்தது வேறு: முழுக் கோப்பையும் ஒரு எழுத்துரு மாற்றி மென்பொருளுக்குள் போட்டு எடுத்து, வாசித்துப் பார்க்காமலே பக்கம் கட்டிவிட்டார்கள். NHM Converter போன்ற மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒப்புப் பார்க்க அட்டையையும் முதல் பக்கத்தையும் மட்டும் கைபேசிக்குப் படமாக அனுப்பினார்கள். மிச்சத்தைக் கேட்டதற்கு, "எல்லாம் சரி ஐயா, யோசிக்காதேங்கோ" என்றார் முதலாளி.

புத்தகம் வந்தபோது அப்பாவின் பெயருக்குப் பின்னால் இருந்த B.A. பட்டம் "டீ.யு." ஆகியிருந்தது. பாமினியில் B என்பது டீ, A என்பது யு. சித்தப்பா ஆங்கிலச் சொற்களை வேறு எழுத்துருவில்தான் அடித்திருந்தார். ஆனால் எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக நகலெடுத்து மாற்றியில் ஒட்டினால் எது எந்த எழுத்துரு என்று அதற்குத் தெரியாது. மின்னஞ்சல் முகவரி, வெளிநாட்டு ஊர்ப் பெயர்கள், எல்லாமே இந்தக் கதிதான்.

இன்னொரு பிழை நுணுக்கமானது. "வெளிநாடு" என்று இருந்த இடமெல்லாம் "வௌிநாடு" என்று வந்திருந்தது, இகரக் குறி தனியாக ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டு. பாமினியில் ள எழுத்துக்கும் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ஒரே விசைதான், s. ஆகவே "வெள" என்பதற்கான nts என்று கண்டதும் சில மாற்றிகள் யோசிக்காமல் "வௌ" ஆக்கிவிடும். அடுத்து வருவது இகரமா புள்ளியா என்று பார்ப்பதில்லை. வெள்ளி, வெளியீடு, தெளிவு எல்லாம் இதில் மாட்டும். யூனிகோடில் ஓர் எழுத்தின் மேல் இரண்டு உயிர்க்குறி வராது என்பதால் இதைப் பிடிப்பது சுலபம்: "ௌி" என்று தேடி "ெளி" என்றும், "ௌ்" என்று தேடி "ெள்" என்றும் மாற்றினால் பெரும்பாலானவை சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. கூலி வாங்கியவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

போய்ச் சண்டை பிடித்ததும், "அது சொஃப்ட்வெயர் செய்தது, நாங்கள் என்ன செய்யிறது?" என்றார்கள். அப்புறம் பிழையான பக்கங்களை மட்டும் திருத்தித் தருகிறோம் என்று வேர்டில் பாமினியிலேயே திரும்ப அடித்தார்கள். துயர் பகிர்வோர் பட்டியலில் மக்கள் "முக்கள்" ஆனார்கள், மருமக்கள் "முருமக்கள்" ஆனார்கள். வரித் தொடக்கத்தில் வருகிற சின்ன எழுத்தை வேர்ட் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் k என்றால் ம, K என்றால் மு. AutoCorrect Options-இல் "Capitalize first letter of sentences" என்பதை நிறுத்தாமல் பாமினியில் அடிக்கவே கூடாது. தொழிலே இதுவாக இருப்பவர்களுக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

கடைசியில் கூலியில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். தாளின் காசு போனது போனதுதான்.

நீங்கள் கொடுப்பதானால், மாற்றும் வேலையை வீட்டிலேயே செய்துகொண்டு போங்கள். தமிழ்ப் பகுதியை மட்டும் நகலெடுத்து மாற்றுங்கள், ஆங்கிலத்தைப் பிறகு கையால் சேருங்கள். எந்த மென்பொருளில் பக்கம் கட்டுவார்கள் என்றும் கேளுங்கள். பேஜ்மேக்கர் என்றால் யூனிகோடுத் தமிழ் அதில் ஒழுங்காக நிற்காது, உங்களிடம் சொல்லாமலே திரும்பப் பாமினிக்கு மாற்றிவிடுவார்கள். இன்டிசைன் என்றால் பந்தி அமைப்பில் World-Ready Composer தெரிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்.

அச்சுக்குப் போகிற பிடிஎஃப் கோப்பையே கேட்டு வாங்குங்கள், கைபேசிப் படம் வேண்டாம். அக்ரோபாட் ரீடரில் File, Properties, Fonts என்று போனால் உள்ளே இருக்கிற எழுத்துருக்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் Embedded என்றோ Embedded Subset என்றோ இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் Bamini என்ற பெயர் இருந்தால் முற்பணத்தைக் கொடுக்காதீர்கள்.