ஃபுளோரிடா கடை வாடகை: ‘வரி தனி’யா, ‘வரி உட்பட’வா?

அமெரிக்க மாநிலங்களில் கடை, அலுவலக வாடகைக்கு மாநிலம் முழுவதும் விற்பனை வரி வசூலித்து வந்தது ஃபுளோரிடா. 1969 முதல் இருந்த அந்த வரி, 2025 அக்டோபர் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. வரியே போன பிறகு அதை யார் சுமப்பது என்ற பேச்சு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் நீங்கிய வரியின் பலன் யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் உள்ள அதே வாசகம்தான் முடிவு செய்கிறது. பழைய ஒப்பந்தங்கள் பலவும் இன்னும் நடப்பில் உள்ளன.

ஆர்லாண்டோவில் 2022-இல் கடைக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டபோது, என் முன் இரண்டு வாசகங்கள் இருந்தன. முதலாவது: ‘மாத வாடகை இவ்வளவு, அதன் மேல் சட்டப்படி அவ்வப்போது விதிக்கப்படும் விற்பனை வரியை வாடகைதாரர் செலுத்துவார்.’ இரண்டாவது: ‘மாதம் மொத்தம் இவ்வளவு, எல்லா வரிகளும் இதில் அடக்கம்.’ நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் யாராவது கேட்டால் அதையே சொல்வேன்.

சட்டத்தின் நிலை இரண்டுக்கும் பொது. வரி வாடகையின் மேல் கூடுதலாக விதிக்கப்பட்டது. அதை வசூலித்து மாநில வருவாய்த் துறைக்குக் கட்டும் பொறுப்பு கட்டட உரிமையாளருடையது. அடிப்படை வாடகை மட்டுமல்லாமல், இடத்தில் இருப்பதற்கான நிபந்தனையாக வாடகைதாரர் கொடுக்கும் பொதுப் பராமரிப்புக் கட்டணம், சொத்து வரிப் பங்கு, காப்பீட்டுப் பங்கு ஆகியவற்றுக்கும் வரி இருந்தது. இதன் மேல் கவுன்ட்டியின் கூடுதல் வரியும் தனியாக இருந்தது. ஒப்பந்தம் வரியைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டாலும், வாடகைக்கு மேல் அதைக் கேட்க உரிமையாளருக்கு வழி இருந்தது.

‘வரி உட்பட’ என்ற வாசகத்தின் நன்மையை மறுக்க முடியாது. மாதா மாதம் ஒரே தொகை, கணக்கு எளிது, வரி ஏறினால் சுமை உரிமையாளருடையது. ஏறாது என்று சொல்லவும் முடியாது. டாம்பா அமைந்துள்ள ஹில்ஸ்பரோ கவுன்ட்டியில் 2019 தொடக்கத்தில் கூடுதல் வரி 1 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாக உயர்ந்தது. அதில் போக்குவரத்துக்கான 1 சதவீதத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் செல்லாது என்று சொல்லும் வரை, ‘வரி தனி’ என்று கையெழுத்திட்டிருந்தவர்கள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆயினும் என் தேர்வைத் தீர்மானித்தது வரி விகிதத்தின் போக்கு. மாநில விகிதம் நீண்ட காலம் 6 சதவீதமாக இருந்து, 2018-இல் 5.8, 2019-இல் 5.7, 2020-இல் 5.5 என்று இறங்கியிருந்தது. அதோடு, மாநிலத்தின் வேலையிழப்பு நிவாரண நிதி மீண்டும் நிரம்பியதும் விகிதம் 2 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுச் சட்டமே எழுதி வைத்திருந்தது. அதாவது, நான் கையெழுத்திட்ட நாளிலேயே அடுத்த பெரிய மாற்றம் இறக்கம்தான் என்பது சட்டப் புத்தகத்தில் இருந்தது. இறங்கப்போகும் செலவை ஒரு நிலையான தொகைக்குள் பூட்டி வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். வாடகை 3,000 டாலர், பொதுப் பராமரிப்பு 800 டாலர், ஆக 3,800 என்று வைத்துக்கொள்வோம். ஆர்லாண்டோ உள்ள ஆரஞ்சு கவுன்ட்டியின் கூடுதல் வரி 0.5 சதவீதம். 2022-இல் மொத்த வரி 6 சதவீதம், அதாவது 228 டாலர். மாதச் செலவு 4,028. மாநில விகிதம் 4.5 ஆன 2023 டிசம்பரில் வரி 190 டாலராகவும், 2 ஆன 2024 ஜூனில் 95 டாலராகவும், 2025 அக்டோபரில் பூஜ்யமாகவும் இறங்கியது. ‘வரி தனி’ என்றால், யாரிடமும் பேசாமலே மாதச் செலவு 4,028-லிருந்து 3,800-க்கு வந்துவிடும்.

அதே 4,028-ஐ ‘வரி உட்பட’ என்று எழுதியிருந்தால் வாடகைதாரரின் காசோலையில் எதுவும் மாறாது. மாறுவது உரிமையாளரின் கையில் நிற்கும் தொகை: முதலில் 3,800, 2024 ஜூனில் சுமார் 3,930, 2025 அக்டோபருக்குப் பிறகு முழு 4,028. ஆண்டுக்கு 2,736 டாலர், இல்லாத வரியின் பெயரில் போய்க்கொண்டிருக்கும். இன்னொன்றும் உண்டு: ஆண்டுக்கு 3 சதவீத வாடகை உயர்வு என்ற பிரிவு இருந்தால், வரி உட்பட்ட மொத்தத்தின் மேல்தான் அந்த உயர்வும் கணக்கிடப்படும்.

எங்கள் வளாகத்திலேயே ஒருவர் அப்படிக் கையெழுத்திட்டிருந்தார். வரி நீங்கியதும் குறைக்கச் சொல்லிக் கேட்டபோது, “நீங்கள் ஒப்புக்கொண்டது மொத்தத் தொகைதானே” என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அவருடைய ஒப்பந்தத்தின் இணைப்புத் தாளை நான் வாங்கிப் பார்த்தேன். அதில் ‘வாடகை’, ‘விற்பனை வரி’ என்று இரண்டு தொகைகளும், கீழே கூட்டுத்தொகையும் தனித்தனியாக இருந்தன. அப்படிப் பிரித்துக் காட்டியிருந்தால், வரி என்று பெயரிட்ட பகுதியை வரி இல்லாத காலத்துக்கு வசூலிப்பது எப்படி என்று கேட்க நல்ல இடம் இருக்கிறது. வெறும் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அந்த வாதம் மிகவும் பலவீனமானது. எதுவானாலும் உள்ளூர் வழக்கறிஞரிடம் தாளைக் காட்டிவிட்டே பேச வேண்டும்.

‘வரி உட்பட’ என்பதில் மற்றொரு ஆபத்தும் உண்டு. வரி செலுத்தப்பட்டதை நிரூபிக்க முடியாத வாடகைதாரர் மாநிலத்துக்கு நேரடியாகப் பொறுப்பாவார் என்று ஃபுளோரிடா சட்டம் சொல்கிறது. ரசீதில் வரி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதுவே சான்று. ஒரே தொகையாகக் கொடுத்துவந்தவர், உரிமையாளர் வரியைக் கட்டாமல் விட்டிருந்தால், தணிக்கையின்போது காட்ட எதுவும் இல்லாமல் நிற்க நேரும். வரி நீங்கிவிட்டது என்று பழைய ரசீதுகளை எறிந்துவிட வேண்டாம். தணிக்கைக்கான காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள்.

‘வரி தனி’ என்று எழுதியவர்களும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வரி பொருந்துமா என்பதைப் பணம் கொடுத்த நாள் தீர்மானிப்பதில்லை. இடத்தில் இருந்த காலமே தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பர் வாடகையை நவம்பரில் கொடுத்தாலும் வரி உண்டு; அக்டோபர் வாடகையை ஆகஸ்டிலேயே கொடுத்திருந்தால் வரி இல்லை. இது சிக்கலாவது பராமரிப்புக் கணக்கின் ஆண்டு இறுதி நேர்செய்தலில்தான். 2025-க்காகக் கூடுதலாக 1,200 டாலர் கேட்கப்பட்டு, செலவு ஆண்டு முழுவதும் சீராக ஆகியிருந்தால், முதல் ஒன்பது மாதங்களுக்கான 900 டாலருக்கு மட்டும் 2.5 சதவீதம், அதாவது 22 டாலர் 50 சென்ட் வரி. முழு 1,200-க்கும் வரி போட்டுப் பில் வந்தால் திருப்பி அனுப்பலாம். ஆனால் வாகன நிறுத்தத்துக்கான வரி நீக்கப்படவில்லை. அதற்குத் தனிக் கட்டணம் இருந்தால், அந்த வரி தொடரும்.

என் அனுபவம் சிறு கடை ஒப்பந்தங்களோடு நிற்கிறது. விற்பனையில் பங்கு கேட்கும் பெரிய வணிக வளாகங்களின் ஒப்பந்தங்களுக்கு இதை அப்படியே பொருத்தச் சொல்ல மாட்டேன். வேறு மாநிலங்களுக்கும் அப்படியே பொருந்தாது. ஹவாயில் வணிக வாடகைக்கான வரி சட்டப்படி உரிமையாளரின் வருமானத்தின் மேல் விழுகிறது. ஒப்பந்தத்தில் வாடகைதாரர் ஏற்பதாக எழுதினால்தான் அது நம் தலைக்கு வரும். அங்கே கடை எடுப்பவருக்கு ‘வரி உட்பட’ என்ற வாசகத்துக்காகப் பேரம் பேசுவதே சரியாக இருக்கும்.